வாடையே இல்லாத கானாங்கெளுத்தி, சாப்பிட்டதும் முகம் சிவந்தது: மூக்கை எவ்வளவு நம்பலாம்?

அல்சூர் ராணி · 14 ஜூலை 2024, ஞாயிறு, மாலை 6:40

கானாங்கெளுத்தி ஒரு கிலோ, காலை பதினோரு மணிக்கு வாங்கினது. செவுளைத் தூக்கி மோந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. பன்னிரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து, மஞ்சள் போட்டு அலசி, ஒன்றரைக்கு வறுத்தாச்சு. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள வீட்டுக்காரருக்கு முகமும் கழுத்தும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. தலைவலி, நெஞ்சு படபடப்பு. அதே சட்டியில வறுத்ததை நானும் மாமியாரும் சாப்பிட்டோம், எங்களுக்கு ஒண்ணும் இல்லை. அவருக்கு இதுவரை மீன் ஒத்துக்காம போனதே கிடையாது. இப்ப குறைஞ்சிருக்கு. கெட்ட மீனா இருந்தா மோந்தப்பவே தெரிஞ்சிருக்கணுமே?

கம்மனஹள்ளி கார்த்தி · 14 ஜூலை, மாலை 7:05

ஃபார்மலின்தான், சந்தேகமே வேண்டாம். 2018-ல் கேரளாவில் லாரி லாரியா பிடிச்சாங்களே, ஞாபகம் இல்லையா? மருந்து போட்ட மீனில்தான் வாடை வராது. ஈ மொய்க்குதான்னு பாருங்க. ஈ உட்கார்ந்தா நல்ல மீன், உட்காரலைன்னா மருந்து. சிம்பிள்.

ஐஸ்பெட்டி · 14 ஜூலை, இரவு 8:30

முதல் வேலை: மூச்சு வாங்குவது, உதடோ நாக்கோ வீங்குவது, மயக்கம் வருவது, இதில் ஏதாவது இருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி நீங்கள் சொல்வது ஃபார்மலின் மாதிரி இல்லை, ஹிஸ்டமின் மாதிரி இருக்கிறது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி, வஞ்சிரம் மாதிரியான மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து இயல்பாகவே நிறைய உண்டு. மீன் செத்த பிறகு செவுளிலும் குடலிலும் இருக்கும் சில கிருமிகள் சதைக்குள் இறங்கி அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அலர்ஜி வந்தால் நம் உடம்பு தானாகச் சுரக்கிற அதே பொருள்தான். இங்கே அது வெளியிலிருந்து தட்டில் வந்து சேர்கிறது. அதனால்தான் பார்க்க அலர்ஜி மாதிரியே இருக்கும்.

மோந்ததில் ஏன் தெரியவில்லை என்றால், அதற்கு வாடையே கிடையாது. கடல்மீன் நாற்றம் என்று நாம் சொல்வது வேறு கிருமிகள் செய்யும் வேறு வேலை. மீன் பனிக்கட்டியில் பல நாள் கிடந்தால் அந்த நாற்றக் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மீன் சில மணி நேரம் வெயிலில், வெறும் தரையில் கிடந்தால் ஹிஸ்டமின் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படகில் பிடித்த மீன் தளத்தில் நாலைந்து மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்து, அப்புறம் ஒழுங்காக ஐஸ் போட்டு வந்தால், மூக்குக்கு அது நல்ல மீன்தான்.

அல்சூர் ராணி · 14 ஜூலை, இரவு 8:52

மூச்சு எல்லாம் சரியா இருக்கு. ஆனா நல்லா மொறுமொறுன்னு எண்ணெயில வறுத்தோமே? கிருமி செத்திருக்காதா?

ஐஸ்பெட்டி · 14 ஜூலை, இரவு 9:10

கிருமி செத்தது. அது செய்து வைத்துவிட்டுப் போனது சாகவில்லை. ஹிஸ்டமின் வறுத்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. டப்பாவில் அடைத்த சூரையில்கூட அதைத் தேடிப் பரிசோதிப்பது இதனால்தான்.

நீங்களும் மாமியாரும் தப்பியதற்கும் காரணம் உண்டு. ஒரே கூடையில் ஒரு மீனில் மிகக் குறைவாகவும் பக்கத்து மீனில் பல மடங்காகவும் இருக்கும். ஒரே மீனில்கூடச் செவுள் பக்கத்துத் துண்டும் வால் துண்டும் ஒன்றாக இருக்காது. அவர் தட்டில் விழுந்தது எந்தத் துண்டு என்பதுதான் விஷயம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்ததா என்று அவரைக் கேளுங்கள்.

அல்சூர் ராணி · 14 ஜூலை, இரவு 9:31

கேட்டேன். "காரம் தூக்கலா இருந்துச்சு, நீதான் மிளகாய்த்தூள் அள்ளிப் போட்டேன்னு நினைச்சேன்" என்கிறார். நான் வழக்கமா போடற அளவுதான் போட்டேன்.

நாகர்கோவில்காரன் · 15 ஜூலை, காலை 6:15

எங்க ஊர்ல இதை அயிலைன்னு சொல்லுவோம். ஜூலை மாசம் பெங்களூருல நல்ல அயிலை எங்க இருந்து வரும்? கர்நாடகா, கேரளா பக்கம் இழுவைப் படகெல்லாம் தடையில நிக்குது. மங்களூர் பங்குடேன்னு சொல்லி விக்கிறவன்கிட்ட முதல்ல அதைக் கேளுங்க. மூக்கு அப்புறம்.

ஐஸ்பெட்டி · 15 ஜூலை, காலை 7:40

இவர் சொன்னதைக் கவனியுங்கள், நல்ல கேள்வி. கர்நாடகக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆக, இந்த மாதம் பெங்களூரில் கிடைக்கும் கானாங்கெளுத்தி பெரும்பாலும் தமிழ்நாடு, ஆந்திரா பக்கத்திலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும், அல்லது தடைக்கு முன்பே உறைய வைத்து இப்போது இளக்கியதாக இருக்கும். சின்ன நாட்டுப் படகுக்காரர்கள் கொஞ்சம் கொண்டுவருவார்கள், அது மங்களூரிலேயே விற்றுப்போகும்.

உறைந்ததை இளக்கி விற்பது குற்றமில்லை. ஆனால் உறைய வைப்பதற்கு முன்பே ஹிஸ்டமின் கிருமியின் நொதி சதையில் ஊறியிருந்தால், உறைந்திருக்கும்போது அது சும்மா இருக்கும், இளகியதும் வேலையை விட்ட இடத்தில் தொடங்கும். இளக்கிய மீனை எப்படிக் கண்டுபிடிப்பது? சதையை அழுத்தினால் தண்ணீர் கசியும். வெட்டினால் சதை நார்நாராகப் பிளக்கும். கண் முழுக்க வெண்மை பூத்திருக்கும். கண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், ஐஸ் நேராகப் பட்டிருந்தால் நேற்றைய மீனின் கண்ணும் மங்கும்.

ஒயிட்ஃபீல்டு வாசு · 15 ஜூலை, காலை 9:20

அப்ப ராணி அக்கா கேஸ்ல தப்பு எங்க நடந்துச்சு? கடைக்காரன்கிட்டயா, லாரியிலயா?

ஐஸ்பெட்டி · 15 ஜூலை, காலை 10:05

அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நேரத்தை மட்டும் எண்ணிப் பார்க்கலாம்.

சென்னை பக்கத்திலிருந்து என்றால் சுமார் 350 கிலோமீட்டர், லாரிக்கு ஏழெட்டு மணி நேரம். நம்ம வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அது இருந்தால் லாரியில் பெரிதாக ஒன்றும் ஆகாது. விடியற்காலையில் பெட்டி இறங்குகிறது. அங்கிருந்து சில்லறைக் கடைக்குப் போய் ஆறு மணிக்குப் பலகையில் அடுக்குகிறார்கள். மீன் பளபளவென்று தெரிய வேண்டும் என்று மேலே ஐஸ் போடுவதில்லை, அடியில் மட்டும் கொஞ்சம். ராணி வாங்கியது பதினொன்றுக்கு. ஐந்து மணி நேரம். அப்புறம் பிளாஸ்டிக் பையில் ஒன்றரை மணி நேரம், அடுப்படியில் ஒரு மணி நேரம். கூட்டினால் ஏழரை மணி நேரம் மீன் வெளிக்காற்றின் சூட்டில் இருந்திருக்கிறது.

பெங்களூரு ஜூலையில் குளுகுளுவென்று நமக்குத்தான் தோன்றும். கிருமிக்கு 25 டிகிரி என்பது வசந்த காலம். 4 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இந்தக் கிருமிகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

ஆனால் படகிலேயே தொடங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கடைக்காரர் தலையில் மட்டும் கட்ட வேண்டாம்.

கம்மனஹள்ளி கார்த்தி · 15 ஜூலை, மதியம் 1:15

நான் சொன்ன ஃபார்மலினை யாரும் கண்டுக்கவே இல்லை.

ஐஸ்பெட்டி · 15 ஜூலை, மதியம் 2:00

கண்டுகொள்கிறேன். 2018 சரிதான், கேரள அரசு ஆபரேஷன் சாகர் ராணி என்ற பெயரில் சோதனை நடத்தியபோது ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. அப்போது கைகொடுத்தது கொச்சியிலுள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனத்தின் காகிதப் பட்டை. மீன் மேல் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஃபார்மலின் போட்டால் வாடை குறையும் என்பதும் சரி. சதை ரப்பர் மாதிரி விறைத்திருக்கும், செவுளில் மீன் வாடையும் இருக்காது, பாசி வாடையும் இருக்காது.

ஈ கணக்குதான் தப்பு. ஐஸ் குளிரில் நல்ல மீன் மேலேயும் ஈ உட்காராது. ஈ மொய்க்கிற மீன் என்றால் அது ஐஸ் இல்லாத மீன். கானாங்கெளுத்தியில் நான் பயப்படுவதே அதற்குத்தான். உங்கள் சோதனைப்படி போனால் ஹிஸ்டமின் ஏறிய மீனைத் தேடிப்பிடித்து வாங்குவோம்.

கம்மனஹள்ளி கார்த்தி · 15 ஜூலை, மதியம் 2:11

சரி, ஈயை வாபஸ் வாங்கிக்கறேன்.

கோரமங்களா பத்மா · 15 ஜூலை, மாலை 4:45

ஆட்டுக்கறிக்கும் இதே பிரச்சினைதானே? போன வாரம் வாங்கின மட்டனில் ஒரே கவிச்சி. ரெண்டு தடவை தயிரில் ஊற வெச்சும் போகலை. கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன். இந்த ஹிஸ்டமினா?

பழைய பல்லாவரம் · 15 ஜூலை, மாலை 5:30

அம்மா, நீங்க நல்ல கறியைக் கொட்டியிருக்கீங்க போல. காயடிக்காத கிடாவா இருந்தா அந்த மொச்சை வாடை கொழுப்பிலேயே இருக்கும். அது கெட்ட வாடை இல்லை, ஆட்டு வாடை. கெட்ட வாடை புளிச்ச மாதிரி, அழுகின மாதிரி இருக்கும், தொட்டா விரலில் கொழகொழன்னு ஒட்டும். இது ஒட்டுச்சா?

கோரமங்களா பத்மா · 15 ஜூலை, மாலை 5:42

ஒட்டலை. நல்லா காய்ஞ்சாப்பலதான் இருந்துச்சு. அடக் கடவுளே, கிலோ என்ன விலை!

ஐஸ்பெட்டி · 15 ஜூலை, மாலை 6:20

பல்லாவரம் சார் சொன்னது சரி. கறியில் இந்த ஹிஸ்டமின் தொல்லை கிடையாது, ஆனால் மூக்கு அங்கேயும் பாதிதான் உதவும். நாற்றம் கிளப்பும் கிருமிகள் வேறு, வயிற்றைக் கலக்கும் கிருமிகள் வேறு. சால்மொனெல்லா ஏறிய கோழியை மோந்தால் கோழி வாடைதான் வரும். அதை மஞ்சள் போட்டுக் கழுவினால் சிங்க் முழுக்கத் தெறிக்கும், கோழியிலிருந்து போகாது. எலும்பு ஒட்டிய சதைவரை நன்றாக வேக வைப்பதுதான் வழி. கோழிக்கு வேக வைத்தால் தீர்ந்தது, கானாங்கெளுத்திக்கு வேக வைத்தாலும் தீராது. அதனால்தான் இரண்டையும் ஒரே கேள்வியாகப் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

கைமா மட்டும் கண் முன்னால் முழுக் கறியிலிருந்து அரைத்து வாங்குங்கள். அரைத்து வைத்ததில் நேற்றைய மிச்சம் கலந்தால் எந்த மூக்குக்கும் உடனே தெரியாது.

ஒயிட்ஃபீல்டு வாசு · 15 ஜூலை, இரவு 9:00

அப்ப மோந்து பார்க்கறதே வேஸ்ட்டா? பாட்டி காலத்துல இருந்து செவுளைத்தானே மோக்கறோம்.

ஐஸ்பெட்டி · 16 ஜூலை, காலை 7:10

வேஸ்ட் இல்லை. மூக்கு "வேண்டாம்" என்று சொன்னால் நம்புங்கள். "வாங்கு" என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

மோப்பதிலும் நாம் செய்கிற தப்பு சில உண்டு. மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்து ஐந்து பத்து நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். முதல் கடையில் நாறிய மீன் ஆறாவது கடையில் நாறாது. நடுவில் வெளியே போய் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அடுத்தது, ஐஸில் இருந்து எடுத்த மீனை அப்படியே மோந்தால் ஒன்றும் தெரியாது, குளிரில் வாடை எழும்பாது. செவுளுக்குள் கட்டை விரலை விட்டுத் தேய்த்து, விரலைக் கைக்குள் மடக்கி அரை நிமிடம் சூடாக்கி, அப்புறம் மோந்து பாருங்கள். உடம்பை மோப்பதில் பயன் இல்லை, அது நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கழுவப்பட்ட இடம்.

இன்னொன்று. "வாடையே இல்லை" என்பது புத்தம் புது மீனின் அடையாளம் இல்லை. அன்று பிடித்த கடல்மீனில் ஒரு வாடை இருக்கும், வெள்ளரிக்காயை அப்போதுதான் நறுக்கிய மாதிரி, பாசி மாதிரி. சில நாள் ஐஸில் போனதும் அது மறைந்து ஒன்றுமில்லாமல் ஆகும். அதற்கப்புறம்தான் மீன் நாற்றம் தொடங்கும். ராணி மோந்தது அந்த நடுக்கட்டத்தை.

நாகர்கோவில்காரன் · 16 ஜூலை, காலை 8:00

வெள்ளரிக்கா வாசனைன்னு சரியா சொன்னீங்க. கட்டுமரத்துல இருந்து இறங்கின அயிலைக்கு அது உண்டு. பெங்களூருல அது எனக்குக் கிடைச்சதே இல்லை.

சுறாவைப் பத்தியும் சொல்லுங்க. எங்க வீட்டு மருமக சுறாவை மோந்துட்டு கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டா.

ஐஸ்பெட்டி · 16 ஜூலை, காலை 8:35

சுறா உடம்பிலேயே யூரியா உண்டு. செத்ததும் அது அம்மோனியாவாக உடையும். அதனால் மற்ற மீன்களைவிடச் சீக்கிரம் மூக்கைத் துளைக்கும். லேசான வாடை இருந்தால் தண்ணீரில் ஊற வைத்து, கொதிக்க வைத்து, உதிர்த்துப் புட்டு செய்தால் போய்விடும். கண்ணில் நீர் வருகிற அளவு என்றால் மருமகள் செய்ததுதான் சரி.

ரோகு, கட்லாவில் இதற்கு நேர் எதிர். கடல்மீன் நாற்றத்துக்கு மூலமான பொருள் குளத்து மீனில் மிகக் குறைவு. கெட்டாலும் அந்த நாற்றம் வராது. அதில் வரும் சேற்று வாடை குளத்துப் பாசியிலிருந்து வருவது, உயிரோடு இருக்கும்போதே இருந்தது. ஆக, ரோகுவை மோந்து பார்த்துக் கடல்மீன் கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் தப்பும்.

அல்சூர் ராணி · 16 ஜூலை, காலை 11:20

இவருக்கு நேத்தே எல்லாம் சரியாயிடுச்சு. டாக்டர் அலர்ஜி மாத்திரை குடுத்து, இனி மீனே தொடாதீங்கன்னுட்டார். மனுஷன் சோகத்துல இருக்கார். மீதி மூணு மீன் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. இனிமே எப்படி வாங்கறது?

ஐஸ்பெட்டி · 16 ஜூலை, மதியம் 12:40

மீதி மூன்றையும் தூக்கிப் போடுங்கள். பூனைக்கும் வேண்டாம்.

மருத்துவரிடம் மறுபடி போய் "கானாங்கெளுத்தி, அரை மணி நேரம், நாக்கில் சுருக்" என்று மூன்றையும் சொல்லுங்கள். ஹிஸ்டமினுக்கும் அதே மாத்திரைதான் கொடுப்பார்கள், அதனால் மாத்திரை கேட்டது என்பதை வைத்து அலர்ஜி என்று முடிவு செய்ய முடியாது. உண்மையிலேயே அலர்ஜியா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதுவரை அவர் மீன் சாப்பிட வேண்டாம், டாக்டர் பேச்சே நிற்கட்டும்.

வாங்குவதற்கு: கானாங்கெளுத்தி, மத்தி, சூரை என்றால் பலகையில் பரப்பியதைத் தொடாதீர்கள். பெட்டிக்குள் ஐஸுக்கு அடியில் இருப்பதைக் கேளுங்கள். கையை விட்டுப் பாருங்கள், விரல் வலிக்கிற அளவு குளிர வேண்டும். ஒரு ஊசி வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்வது தப்பில்லை, முதுகில் தடித்த இடத்தில் குத்தினால் 4 டிகிரிக்குள் காட்ட வேண்டும். 15 காட்டினால் செவுள் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வயிறு வெடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். கடையிலேயே குடலையும் செவுளையும் எடுக்கச் சொல்லி, மூடியுள்ள டப்பாவில் ஒரு பை ஐஸோடு கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் சமைக்கும்வரை ஐஸிலேயே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும் படகில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதற்கு மேல் நம்மால் ஆகாது.

பழைய பல்லாவரம் · 16 ஜூலை, மாலை 3:15

மீன்காரம்மா பெட்டிக்குள்ள என்னைக் கை விட விடுவாங்களா? ஊசியை எடுத்தா உதைதான்.

கம்மனஹள்ளி கார்த்தி · 16 ஜூலை, மாலை 3:40

எவ்வளவு ஹிஸ்டமின் இருந்தா ஆபத்து? ஒரு கணக்கு இருக்கும்ல?

ஐஸ்பெட்டி · 16 ஜூலை, மாலை 5:00

ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்.

ஐஸ்பெட்டி · 16 ஜூலை, மாலை 5:25

அவசரத்தில் பாதியைச் சொன்னேன். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் இரண்டு கோடுகள் உண்டு. கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது மீன் கெட ஆரம்பித்ததற்கு அடையாளம். 200 என்பது உடம்புக்கு ஆகாது என்று போட்ட கோடு. இதெல்லாம் ஆய்வகத்துக்கு, மார்க்கெட்டில் நின்று அளக்க முடியாது. அதனால்தான் ஐஸையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு வாசு · 17 ஜூலை, காலை 9:50

வீட்டுக்கு வந்தப்புறம் நாத்தம் தெரிஞ்சா எலுமிச்சை தேய்ச்சா போயிடும், எங்கம்மா டெக்னிக்.

ஐஸ்பெட்டி · 17 ஜூலை, காலை 10:30

போகும், புளிப்பு அந்த நாற்றத்தைக் கட்டிப்போடும். புளிக்குழம்பும் அதைத்தான் செய்கிறது. மீன் அப்படியேதான் இருக்கும். சந்தேகமான மீனில் எலுமிச்சை, புளி, மஞ்சள் எதுவும் படுவதற்கு முன் ஒரு சின்னத் துண்டை வெறும் தண்ணீரில் மூடி வைத்து வேக விட்டு, மூடியைத் திறந்ததும் முதல் ஆவியை மோந்து பாருங்கள். குளிரில் ஒளிந்த வாடை அங்கே வெளியே வரும். ஹிஸ்டமின் அப்போதும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அல்சூர் ராணி · 17 ஜூலை, இரவு 8:15

டாக்டர்கிட்ட சொன்னோம். "இருக்கலாம்"னார், அலர்ஜி டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கார். ரிசல்ட் வரவரைக்கும் வீட்ல முட்டைக் குழம்பு. மீன்கார அம்மாகிட்ட இன்னைக்கு அடிப்பெட்டி மீனைக் காட்டச் சொன்னேன். "மேல இருக்கறதே கீழயும் இருக்கு, நல்லா மோந்து பாரும்மா"ன்னாங்க.